பாயின்ட் போடுவதை விட்டு டிக்கெட்டை எண்ணத் தொடங்கினோம்

இன்வாய்ஸில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணுக்குக் கீழே மாநிலக் குறியீடும் வர வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் டீமுக்கு வந்த டிக்கெட் அவ்வளவுதான். வேலை எவ்வளவு பெரியது என்று பாயின்ட் போட, பிளானிங்கில் ஆறு பேரும் எண் எழுதிய சீட்டைத் தூக்கினோம். ஐந்து பேர் 2, ஒருவர் 3. இரண்டு நிமிடம் பேசி 2 என்று முடித்துவிட்டோம். அது முடிய 11 வேலைநாள் ஆனது.

கோட் எழுதியது மூன்று மணி நேரம். சோதனையையும் சேர்த்தால் ஒரு நாள் வேலை. ரிவ்யூவுக்கு ஆள் கிடைக்க இரண்டு நாள். டெஸ்ட் சர்வரை இன்னொரு டீம் பிடித்து வைத்திருந்ததால் நான்கு நாள். ஏற்றுமதி இன்வாய்ஸில் அந்த இடத்தில் என்ன காட்டுவது என்று கணக்குப் பிரிவைக் கேட்டோம். பதில் வர இன்னொரு நான்கு நாள். நாங்கள் போட்ட 2 தப்பில்லை, வேலை சின்னதுதான். 10 நாள் காத்திருப்புக்கு யாரும் பாயின்ட் போடவில்லை, அதுதான் விஷயம்.

அந்த எரிச்சலில் முந்தைய ஆறு மாத டிக்கெட்டுகளை ஜிராவிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் தொடங்கிய நாள், முடித்த நாள், பாயின்ட் என்று எக்செலில் போட்டுப் பார்த்தேன். 2 பாயின்ட் டிக்கெட்டுகள் ஒரு நாளிலும் முடிந்திருந்தன, 11 நாளிலும் முடிந்திருந்தன. 5 பாயின்ட்டும் கிட்டத்தட்ட அதே கதைதான். பாயின்ட்டைப் பார்த்து நாளைச் சொல்ல வழியே இல்லை. (ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், அப்படியென்றால் அதற்காக வருந்துகிறேன் என்ற பொருளில், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே 2019-ல் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.)

ஆனால் அதே எக்செலில் வேறொன்று தெரிந்தது. நாள் கணக்கை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், நூற்றுக்கு 85 டிக்கெட்டுகள் ஆறு வேலைநாளுக்குள் முடிந்திருந்தன. அந்த ஆறு நாளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டோம். அதன்பின் ஒரு டிக்கெட்டைத் தொடங்கும் முன் கேட்பது ஒரே கேள்வி: இது ஆறு நாளுக்குள் முடியுமா? முடியும் என்றால் எடுத்துக்கொள்வோம், முடியாது என்றால் உடைப்போம். இரண்டு நாள் வேலையா, நான்கு நாள் வேலையா என்ற பேச்சே கிடையாது.

இதை ‘நோ எஸ்டிமேட்ஸ்’ என்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். மதிப்பீடு இங்கேயும் இருக்கிறது. பல படி கொண்ட அளவு, ஆம்-இல்லை என்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சமான நேரம் உடைப்பதற்குப் போகிறது. உண்மையான உழைப்பும் அங்கேதான்.

உதாரணத்துக்கு, ‘வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்’ என்று ஒரு டிக்கெட் வந்தது. முதலில் பழக்க தோஷத்தில் திரைக்கு ஒன்று, ஏபிஐக்கு ஒன்று, டெஸ்டிங்குக்கு ஒன்று என்று உடைத்தோம். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. எது முடிந்தாலும் வாடிக்கையாளர் கைக்கு எதுவும் போகவில்லை. அப்புறம் குறுக்கே வெட்டாமல் நெடுக வெட்டினோம். முழு ஆர்டரையும் கார்டுக்கே திருப்புவது முதல் டிக்கெட். ஆர்டரில் ஒரு பொருளுக்கு மட்டும் திருப்புவது இரண்டாவது. கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு திருப்புவது என்பது மூன்றாவது. முதல் டிக்கெட் நான்காம் நாளே வாடிக்கையாளர் கைக்குப் போனது.

இனி கணக்கு. வாரத்துக்கு எத்தனை டிக்கெட் முழுதாக முடிந்தது என்பதை மட்டும் எண்ணினோம். பத்து வாரத்தில் 5, 3, 6, 4, 2, 5, 7, 4, 3, 5. மொத்தம் 44, சராசரி 4.4. இன்னும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் 30 டிக்கெட் இருந்தன. 30-ஐ 4.4-ஆல் வகுத்தால் ஏழு வாரத்துக்குச் சற்றுக் குறைவு வரும். அந்த ஏழு வாரக் கணக்கை மேனேஜரிடம் சொல்லக் கூடாது. சராசரியை வைத்துத் தேதி சொன்னால் ஏறக்குறைய பூவா தலையா போட்டது மாதிரிதான். அதற்குப் பதில் அந்தப் பத்து எண்களையும் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி, வாரத்துக்கு ஒரு சீட்டு எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு, பேக்லாக் தீரும்வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதைப் பத்தாயிரம் முறை செய்தால் எத்தனை முறை எந்த வாரத்துக்குள் முடிகிறது என்று தெரிந்துவிடும். பைத்தானில் சில வரிகள் போதும்:

```python
import random
weeks = [5, 3, 6, 4, 2, 5, 7, 4, 3, 5]

def chance(backlog, limit, runs=10000):
    hit = 0
    for _ in range(runs):
        hit += sum(random.choices(weeks, k=limit)) >= backlog
    return 100 * hit / runs

print(chance(30, 7), chance(30, 8))
```

ஏழு வாரத்துக்குள் முடிய நூற்றுக்குச் சுமார் 63 வாய்ப்பு. எட்டு வாரம் என்றால் சுமார் 92. எட்டு என்று தைரியமாகச் சொன்னேன். முடிந்தது பத்தாவது வாரத்தில்.

சீட்டுக் குலுக்கலில் தப்பில்லை, தப்பு என் மேல். அந்த 30-இல் பாதிக்கு மேல் இன்னும் உடைக்காத டிக்கெட்டுகள். வேலை போகப்போக உடைத்ததில் 30 என்பது 40 ஆனது. நான் எண்ணியது உடைந்த துண்டுகளை, வகுத்ததோ உடையாத முழுசுகளை. `chance(40, 8)` என்று போட்டால் வருவது சுமார் 14. அதாவது நடக்க நூற்றுக்கு 14 மட்டுமே வாய்ப்புள்ள தேதியை 92 என்று நினைத்துக் கொடுத்திருக்கிறேன்! 40 டிக்கெட்டுக்குப் பத்து வாரம் என்றால் சுமார் 84 வருகிறது. இப்போதெல்லாம் பழைய பேக்லாக்கில் ஒரு டிக்கெட் சராசரியாக எத்தனையாக உடைந்தது என்று பார்த்து, அதால் பெருக்கிய பிறகுதான் குலுக்குவேன்.

இது எங்கே ஒத்துவரும்? ஆட்கள் மாறாத டீம், ஓரளவு ஒரே மாதிரியான வேலை, எடுத்ததை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும் பழக்கம், இந்த மூன்றும் இருந்தால் நன்றாக ஒத்துவரும். மூன்றாவதுதான் பலருக்கு இடிக்கும். ஆறு பேர் பதினைந்து டிக்கெட்டைத் திறந்து வைத்திருந்தால் ஆறு நாள் என்ற எல்லைக்கு அர்த்தமே இல்லை. எங்கள் டீமில் ஒரே நேரத்தில் ஏழுக்கு மேல் திறப்பதில்லை. ஒரு டிக்கெட் நான்காம் நாளைத் தாண்டினால் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் முதல் பேச்சு.

டீமே அமையாத நிலையில் டெண்டருக்கு விலை சொல்ல வேண்டும் என்றால் இது உதவாது. எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ‘இந்த டேட்டாபேஸ் இந்த லோடைத் தாங்குமா’ என்பது மாதிரி பதில் தெரியாத கேள்விகளுக்கும் உதவாது. அதற்கு மூன்று நாள் என்று நேரம் ஒதுக்கிப் பார்ப்பதுதான் சரி. டீமில் பாதிப் பேர் மாறினால் பழைய பத்து வாரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எண்ண வேண்டும்.

இன்னொரு ஆபத்து, அந்த எண்ணிக்கையையே டீமுக்கு மதிப்பெண்ணாக்குவது. ஒரு முறை வாராந்திர அறிக்கையில் மேலிடம் அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கியது. இரண்டே வாரத்தில் எண்ணிக்கை 11-க்கு ஏறியது. திறந்து பார்த்தால் ‘பட்டனின் நிறம்’, ‘பட்டனின் எழுத்து’ என்று தனித்தனி டிக்கெட்டுகள். எண்ணிக்கை ஏறியும் ரிலீஸ் தேதி ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை என்றால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். அறிக்கையிலிருந்து அந்த எண்ணை எடுக்கச் சொன்னேன். துண்டுகளும் பழைய அளவுக்கு வந்தன.

வெளியாரை நம்பிய வேலைக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ரீஃபண்டுக்கு வங்கி தரப்பில் ஒப்புதல் வர வேண்டிய இரண்டு டிக்கெட்டுகள் இருபது நாளுக்கு மேல் கிடந்தன. அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல் போர்டில் தனி வரிசையாக வைத்து, வங்கிக்குக் கடைசியாக மெயில் போட்ட தேதியைப் பக்கத்தில் எழுதினோம். இப்போது மேனேஜர் வந்தால் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். சில சமயம் அவரே வங்கிக்குப் போன் போடுகிறார்.