நன்றியும் கோரிக்கையும் ஒரே செய்தியில்: அது எப்படி வேலை செய்கிறது?

கோவையில் ஒரு வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டாயிற்று. கடைசித் தவணையும் வந்துவிட்டது. அன்று மாலையே வாடிக்கையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் போகிறது: “எங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. எங்கள் சேவை பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.” இரண்டு நீல டிக் விழுகிறது. ஒரு கும்பிடு ஸ்மைலி வருகிறது. அதோடு சரி.

நன்றி சொன்ன கையோடு உதவி கேட்டதுதான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜீனோ என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனை இதற்கு மிக நெருக்கமானது. வேலை விண்ணப்பக் கடிதம் ஒன்றைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி ஒரு மாணவர் பெயரில் கேட்டார்கள். கருத்து வந்ததும் அதே மாணவர் இன்னொரு கடிதத்தையும் பார்த்துத் தரும்படி பதில் அனுப்பினார். ‘கிடைத்தது’ என்று மட்டும் சொல்லிக் கேட்டபோது 32% பேர் உதவினார்கள். மனமார நன்றி சொல்லிக் கேட்டபோது 66%. அடுத்த சோதனையில் உதவி கேட்டது சம்பந்தமே இல்லாத வேறொரு மாணவர். அங்கும் முன்பு நன்றி பெற்றவர்களில் 55% பேர் உதவினார்கள், மற்றவர்களில் 25%. ஒருவருக்குச் சொன்ன நன்றி மூன்றாம் மனிதருக்கும் பலன் தருகிறது என்பது பரிந்துரை கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

இதற்குக் காரணம் மனம் குளிர்ந்துபோவது அல்ல என்பதையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ‘என் உதவிக்கு மதிப்பு இருக்கிறது’ என்ற உணர்வுதான் அடுத்த உதவிக்குத் தூண்டுகிறது. ஆகவே நன்றி, வாடிக்கையாளர் செய்த ஏதோ ஒன்றைச் சுட்ட வேண்டும். சாரா ஆல்கோவும் சகாக்களும் 2016-இல் தம்பதியரிடம் செய்த ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. ‘எனக்கு நன்மை கிடைத்தது’ என்ற நன்றியைவிட, ‘நீங்கள் இப்படிச் செய்தீர்கள்’ என்று எதிராளியைப் பாராட்டும் நன்றியே கேட்பவரை அதிகம் தொடுகிறது. ‘எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு’ என்பதில் வாடிக்கையாளர் செய்ததாகச் சுட்டப்படுவது பணம் கொடுத்தது மட்டும்தான். அதே வீட்டில் நிழல் விழாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டியை அவர் சொந்தச் செலவில் நகர்த்தியிருப்பார். மீட்டர் இணைப்பை அப்பா பெயரிலிருந்து மாற்ற ஈபி ஆபீசுக்கு அலைந்திருப்பார். வேலை முடிந்த அன்றே, இதில் ஒன்றைச் சொல்லி இரண்டு வரி நன்றி அனுப்பலாம். அதில் எதுவும் கேட்க வேண்டாம்.

கேட்கும் செய்திக்கு வேறு நாள் இருக்கிறது. பணம் கைமாறும் நாளில் வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பேனல் பளபளப்பாக இருக்கிறது, ஆட்கள் மரியாதையாகப் பேசினார்கள் என்பதோடு அவர் அனுபவம் முடிகிறது. ‘நல்ல சேவை’ என்ற உப்புச்சப்பில்லாத சான்று வருவது இதனால்தான். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எடுத்த கரண்டிலிருந்து கொடுத்த கரண்டைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் மாட்டிய பிறகு வரும் முதல் பில்லில் பழைய மீட்டர் ஓடிய நாட்களும் கலந்திருக்கலாம். அதைக் காட்டிப் பெருமைப்பட முடியாது. முழு இரண்டு மாதமும் சோலாரில் ஓடிய பில் வரும்வரை பொறுக்க வேண்டும். 1 கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்தால், 3 கிலோவாட் 60 நாளில் ஏறக்குறைய 720 யூனிட் தரும். முன்பு 840 யூனிட் ஓடிய வீட்டில், உபயோகம் மாறாவிட்டால், நிகரக் கணக்கு 120-க்கு வந்து நிற்கும். அந்த பில் கையில் இருக்கும் வாரத்தில் அவரே நாலு பேரிடம் காட்டிக்கொண்டிருப்பார். மத்திய அரசின் சூர்யகர் மானியம் 78,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டதா என்பதையும் பாருங்கள். பணம் வராமல் அவர் அலைந்துகொண்டிருக்கும்போது சான்று கேட்டால் புகார்தான் வரும், வருவதும் நியாயம்தான்.

செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“வணக்கம்ங்க சார். இந்தத் தடவை பில்லுல 120 யூனிட்தான் வந்திருக்குன்னு பார்த்தோம். தொட்டிய நீங்க அன்னைக்கே நகர்த்திக் கொடுத்ததாலதான் சாயங்கால நிழல் இல்லாம முழு உற்பத்தி கிடைக்குது. ரொம்ப நன்றிங்க. ஒரு சின்ன உதவி: போடறதுக்கு முன்னாடி உங்களுக்கு இருந்த பெரிய சந்தேகம் என்ன, இப்ப என்ன மாறியிருக்கு? ரெண்டு நிமிஷம் வாய்ஸ்ல சொன்னாப் போதும், நாங்க எழுதி உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவோம். முடியலைன்னாலும் பரவாயில்லைங்க.”

சான்று என்பது எழுத்து வேலை. வெற்றுத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் படித்தவர்களே தயங்குவார்கள். சந்தேகம் என்ன என்ற கேள்வி அந்தத் தயக்கத்தை உடைக்கிறது. கூடவே படிக்கப்போகும் அடுத்த ஆளின் மனதில் இருப்பதும் அதே சந்தேகம்தான்: மழைக்காலத்தில் ஓடுமா, கூரை ஒழுகுமா, கரண்ட் போனால் இதுவும் நிற்குமா. (நிற்கும், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இணைப்பில் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். இதை வாடிக்கையாளர் தன் வாயால் சொல்லும் சான்று, எல்லாவற்றையும் புகழும் சான்றைவிட நம்பப்படும்.) எழுதிக் காட்டும்போதே பெயர், ஊர், வீட்டுப் படம் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நட்சத்திரத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவதை கூகுள் தடைசெய்திருக்கிறது.

பரிந்துரையை அவர் பதில் சொன்ன பிறகு கேளுங்கள். அவசரமென்றால் மேலே உள்ள செய்தியின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், ஆனால் இரண்டு வேலையைச் சேர்த்துக் கேட்டால் எளிதானதை மட்டும் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். கேட்கும் விதமும் முக்கியம். ‘யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்க’ என்றால் நினைவில் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் ‘யாராவது’ என்பது எந்த முகத்தையும் நினைவுபடுத்துவதில்லை. ‘உங்க தெருவுல சொந்த மாடி வச்சு, ரெண்டு ஏசி ஓட்டி, பில்லப் பார்த்துப் புலம்பற வீடு ஏதாச்சும் இருக்குங்களா?’ என்று கேட்டால் உடனே ஒரு பெயர் வரும்.

அந்தப் பெயரின் போன் நம்பரைக் கேட்க வேண்டாம். அவருக்குத் தெரியாமல் அவர் நம்பரை வாங்கி அழைத்தால் முதல் கேள்வியே ‘என் நம்பர் யார் கொடுத்தது?’ என்பதாக இருக்கும், வாடிக்கையாளருக்கும் சங்கடம். மாறாக, அப்படியே ஃபார்வேர்டு செய்ய மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: எத்தனை கிலோவாட், எத்தனை யூனிட் குறைந்தது, விருப்பமிருந்தால் அழைக்க உங்கள் எண். அனுப்புவதா வேண்டாமா என்பது அவர் கையில்.

பரிந்துரைத் தொகை கொடுக்கலாமா? ஜெர்மனியில் ஒரு வங்கி பரிந்துரைத்தவருக்கு 25 யூரோ கொடுத்துப் பிடித்த புது வாடிக்கையாளர்களை ஷ்மிட், ஸ்கியெரா, வான் டென் புல்டே ஆகியோர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். பரிந்துரையில் வந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 16% அதிக மதிப்புள்ளவர்களாக இருந்தார்கள், விட்டுப்போவதும் குறைவு. ஆக, தொகை கெடுதல் இல்லை. ஆனால் அது வங்கி. பக்கத்து வீட்டுக்காரர் ‘உனக்கு எவ்வளவு கமிஷன்?’ என்று கேட்கும் தெருவில், பேனல்களை ஒருமுறை இலவசமாகக் கழுவிக் கொடுப்பது நல்லது. அதைப் பரிந்துரைத்தவர், புதிதாக வந்தவர் இருவருக்கும் செய்து, முன்கூட்டியே இருவருக்கும் தெரியச் சொல்லிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், கேள்வியை இன்னும் சுருக்கி. அதற்கும் மௌனம் என்றால் மூன்றாவது செய்தி வேண்டாம். போன் போட்டு ‘சிஸ்டம் ஒழுங்கா ஓடுதுங்களா?’ என்று மட்டும் கேளுங்கள். இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், சொல்லச் சங்கடப்பட்டு இருந்திருப்பார்.