அட்வான்ஸ் டாக்ஸ் தவணை: 45 சதவீதம் என்றால் எதில் 45?

ஓராண்டுக்கான வருமான வரியில் டிடிஎஸ் போக நாம் கட்டவேண்டியது 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால், அதை ஆண்டு முடியும்வரை வைத்திருக்க முடியாது. அந்த நிதியாண்டுக்குள்ளேயே நான்கு தவணைகளில் கட்டிவிட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. தொழில் வருமானம் எதுவும் இல்லாத, 60 வயது நிறைந்த உள்நாட்டுவாசிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 44AD, 44ADA பிரிவுகளின்படி கணக்குப் புத்தகம் எழுதாமல் உத்தேச வருமானம் காட்டுபவர்களுக்கு மார்ச் 15 என்ற ஒரே தேதிதான். (புதிய 2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன; தேதிகளும் சதவீதங்களும் மாறவில்லை. கீழே வரும் எண்கள் 1961 சட்டத்தின்படி.)

அட்டவணையைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 15, 45, 75, 100 என்பவை ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் கட்டும் பங்கு அல்ல. அந்தத் தேதிக்குள் நம் கணக்கில் மொத்தமாக ஏறியிருக்க வேண்டிய அளவு. தனித் தவணையாகப் பிரித்தால் 15, 30, 30, 25 என்று வரும். இதைக் கவனிக்காதவர் செப்டம்பரில் 45 சதவீதத்தைப் புதிதாகக் கட்டி, 60 சதவீதத்தில் போய் நிற்பார். அது ரீஃபண்டாகத் திரும்பிவிடும் என்றாலும் பணம் மாதக்கணக்கில் முடங்கும். முதல் தவணை 15 என்பதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் 15 மட்டும் கட்டியவருக்கோ வட்டி விழும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் புத்தகம் எழுதி வருமானம் காட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர். 2025-26 நிதியாண்டுக்கு அவர் ஏப்ரலில் போட்ட மதிப்பீட்டின்படி, செஸ் எல்லாம் சேர்த்து, டிடிஎஸ் கழித்து, கட்டவேண்டிய வரி 80,000 ரூபாய். ஜூன் 15-க்குள் 12,000 கட்டுகிறார். செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 36,000 ஏறியிருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய 12,000 போக, அப்போது கட்டுவது 24,000. எந்தத் தேதியிலும் கணக்கு இதேதான்: முழு ஆண்டு வரியை அந்தத் தேதியின் சதவீதத்தால் பெருக்கி, அதுவரை கட்டியதைக் கழிக்க வேண்டும். மீதியுள்ள வரியில் 45 சதவீதம் என்று போடக்கூடாது.

எக்செலில் செய்பவர்கள் B1-இல் முழு ஆண்டு வரியைப் போடலாம். மூன்றாம் வரிசையில் தலைப்புகள். நான்கிலிருந்து ஏழுவரை A-யில் தேதி, B-யில் சதவீதம் (15%, 45% என்று), C-யில் அந்தத் தேதிக்குள் உண்மையில் கட்டிய தொகை. D4-இல் இதை எழுதி ஏழாம் வரிசைவரை கீழே இழுத்தால், ஒவ்வொரு தேதிக்கும் கட்டவேண்டியது வந்துவிடும்.

```
=MAX(0, $B$1*B4-SUM(C$3:C3))
```

C-யில் கட்ட நினைத்ததை எழுதக்கூடாது. செலானில் உள்ள தேதியும் தொகையுமே எழுத வேண்டும்.

நவம்பரில் அவருக்குப் பெரிய வேலை ஒன்று வருகிறது. புதிய மதிப்பீட்டில் ஆண்டு வரி 1,20,000 ஆகிவிடுகிறது. B1-ஐ மாற்றினால் போதும். டிசம்பர் 15-க்குள் 75 சதவீதம் என்பது 90,000, கட்டியிருப்பது 36,000, ஆக டிசம்பரில் 54,000. மார்ச்சுக்கு மிஞ்சுவது 30,000. கூடிய வரி 40,000-ஐ டிசம்பர், மார்ச் இரண்டுக்கும் பாதிப்பாதியாகப் பிரித்திருந்தால் டிசம்பரில் 44,000-தான் கட்டியிருப்பார், 10,000 குறைந்திருக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், ரிட்டர்ன் போடும்போது, தவணை குறைந்ததற்குப் போடும் 234C பிரிவு வட்டிக் கணக்கு இறுதி வரியான 1,20,000-ஐ வைத்துத்தான் பின்னோக்கிப் பார்க்கும். ஜூனில் அந்த வேலை கனவில்கூட இல்லை என்பதெல்லாம் செல்லாது. ஜூனுக்கு 15 சதவீதம் என்றால் 18,000, கட்டியது 12,000, குறை 6,000. அதற்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாதத்துக்கு 180 ரூபாய். செப்டம்பருக்கு 54,000 இருக்க வேண்டிய இடத்தில் 36,000, குறை 18,000, வட்டி 540. மொத்தம் 720.

இதில் சட்டமே கொஞ்சம் இளக்கம் வைத்திருக்கிறது. ஜூனுக்குள் 12 சதவீதமும் செப்டம்பருக்குள் 36 சதவீதமும் கட்டியிருந்தால், அந்தந்தத் தவணைக்கு வட்டி கிடையாது. நம் மொழிபெயர்ப்பாளர் ஜூனில் 14,400 கட்டியிருந்தால் அந்த 180 வந்திருக்காது. ஆனால் 14,300 கட்டியிருந்தால் குறையை 12 சதவீதத்திலிருந்து எண்ண மாட்டார்கள், 15-லிருந்தே எண்ணுவார்கள். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இந்தச் சலுகை இல்லை. வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு, நாலு சம பங்காக 25, 25 என்று கட்டுவது மோசமில்லை. 25, 50, 75, 100 என்று எல்லாத் தேதியையும் அது தாண்டிவிடும். மதிப்பீடு பிசகினாலும் முதல் இரண்டு தவணைகளில் தாங்கும்.

தாமதத்துக்குக் கணக்கு இன்னும் கறார். ஜூன் 16 அன்று கட்டினாலும் ஜூன் 15-க்குள் கட்டாததாகவே எடுத்துக்கொண்டு, குறைக்கு மூன்று மாத வட்டி, அதாவது 3 சதவீதம் போடுவார்கள். டிசம்பர் வரை இப்படித்தான். மார்ச் தவணைக்கு மட்டும் 1 சதவீதம். கடைசி நாள் வங்கி விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் கட்டலாம் என்று 1994-லேயே ஒரு சுற்றறிக்கை உண்டு. 2025 ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. ஆனாலும் இணையத்தில் அன்றைக்கே கட்ட முடியும் என்பதால், அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி வாதாடும் வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

பங்கு, மனை விற்ற மூலதன ஆதாயத்துக்கும் டிவிடெண்டுக்கும் இந்தப் பின்னோக்கிய கணக்கு பொருந்தாது. ஜனவரியில் ஆதாயம் வந்தால் அதன் வரியை முழுதாக மார்ச் தவணையில் சேர்த்துக் கட்டலாம். மார்ச் 15-க்குப் பிறகு வந்தால் மார்ச் 31-க்குள். அட்டவணையில் இந்த வரியை B1-இல் சேர்த்துவிட்டால் பழைய தவணைகளில் இல்லாத குறை தெரியும்; அதனால் தனி வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டும்போது வருமான வரித் தளத்தில் e-Pay Tax பக்கத்தில் Advance Tax (100) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இங்கே 2025-26 என்று போட்டுவிட்டால் பணம் முந்தைய ஆண்டில் போய் உட்காரும். இந்த ஆண்டு அட்டவணையில் கட்டியது பூஜ்யமாக நிற்கும். கட்டிய சில நாட்களில், நம் பெயரில் ஏறிய வரியைக் காட்டும் 26AS-ஐத் திறந்து, தேதி, தொகை, மதிப்பீட்டு ஆண்டு மூன்றும் C நிரலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால், இந்தப் பிசகு ரிட்டர்ன் நேரம்வரை தூங்காது.

மார்ச் 15 தாண்டியும் பாக்கி இருந்தால் விட்டுவிட வேண்டாம். மார்ச் 31 வரை கட்டுவதெல்லாம் அட்வான்ஸ் டாக்ஸ்தான். அதற்குள் 90 சதவீதம் ஏறியிருந்தால், ஏப்ரல் 1 முதல் மாதம் 1 சதவீதம் என்று ஓடத் தொடங்கும் 234B வட்டி வராது. 1,20,000 வரி உள்ளவருக்கு அந்தக் கோடு 1,08,000.