உடுப்புக் கணக்கில் அயன் பண்ணுகிறவருக்கும் ஈ.பி.எப் உண்டு

வந்தாறுமூலையில் கம்பஸ் விடுதிப் பிள்ளைகளிடம் உடுப்பு எடுத்து, தோய்த்து, அயன் பண்ணித் திருப்பிக் கொடுக்கிற தொழில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அயன் பண்ண செங்கலடியில் இருந்து ஒரு அக்கா வருகிறார், சம்பளம் ஒரு உடுப்புக்கு 25 ரூபாய். "மாதச் சம்பளம் இல்லையே, கணக்குக்குத்தானே வேலை, அவருக்கு எதுக்கு ஈ.பி.எப்?" என்றுதான் முதலாளி முதலில் கேட்பார்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஒரேயொருவரை வேலைக்கு வைத்தாலும், அவர் நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ துண்டுக் கணக்கோ, பங்களிப்புக் கட்டத்தான் வேண்டும். உங்கள் சொந்தக் குடும்பத்தார் மட்டும் வேலை செய்தால் விலக்கு உண்டு.

அக்கா ஒரு நாளைக்கு 50 உடுப்பு, 26 நாள் செய்தால் மாதம் 32,500 ரூபாய். அதில் அவருடைய பங்கு 8 வீதம், 2,600 ரூபாய் சம்பளத்தில் கழியும். முதலாளி தன் கையால் போடவேண்டியது 12 வீதம், அதாவது 3,900, அப்புறம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 975 ரூபாய். ஆக, முதலாளிக்கு மேலதிகச் செலவு 4,875 ரூபாய். அந்த 12 வீதத்தையும் 3 வீதத்தையும் அக்காவின் சம்பளத்தில் வெட்டவே கூடாது. கூலி பேசும்போதே ஒரு உடுப்புக்கு இன்னும் 3 ரூபா 75 சதம் போகும் என்று கணக்கில் சேர்த்துவிடுங்கள், பிறகு விடுதிப் பிள்ளைகளிடம் விலையைக் கூட்டித் திரிய வேண்டியதில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது.

வேலைக்கு எடுத்து 14 நாளுக்குள் தொழில் அலுவலகத்தில் டி படிவம் கொடுத்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு மாதக் காசும் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஈ.பி.எப் காசு பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருசம் தாண்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். முதலாளிமார் பலர் சறுக்குகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது: சம்பளம் கொடுக்கும்போது 8 வீதத்தைக் கழிக்க மறந்துவிட்டால் பிறகு அதை அக்காவிடம் கேட்க முடியாது, முழு 20 வீதமும் உங்கள் தலையில்தான்.

சரி, அக்கா என்ன செய்ய வேண்டும்? தன் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கணக்கில் காசு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். 8 வீதம் கழிபட்டும் கணக்கில் ஒன்றும் இல்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். நாளுக்கு எத்தனை உடுப்பு, எவ்வளவு காசு என்று திகதியோடு எழுதிவைத்த ஒரு சி.ஆர் கொப்பி அங்கே பெரிய உதவி, துண்டுக் கணக்கு வேலையில் உழைப்பு எவ்வளவு என்று காட்ட வேறு ஆதாரம் பெரும்பாலும் இருக்காது.