காய்ச்சல் அடிப்பதாகவா, அடித்ததாகவா? அயற்கூற்றில் பிள்ளைகள் தடுமாறும் இடம்

போன தேர்வில் ஒன்பதாம் வகுப்புக்கு இப்படி ஒரு வினா கொடுத்திருந்தேன். கவின் தன் தாயிடம், "எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது" என்றான். இதை அயற்கூற்றாக மாற்ற வேண்டும்.

திருத்தும்போது ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தது: "தனக்குக் காய்ச்சல் அடித்ததாகக் கவின் தன் தாயிடம் கூறினான்." மேற்கோள் குறியை எடுத்திருக்கிறார்கள், 'எனக்கு' என்பதைத் 'தனக்கு' ஆக்கியிருக்கிறார்கள், ஒற்றுக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த விடையைப் படிக்கிற தாய் மாத்திரை எடுக்க எழுந்திருக்கமாட்டார். "அடித்ததா? இப்போது விட்டுவிட்டதா?" என்று கேட்பார். கவின் சொன்னது அப்போது அடித்துக்கொண்டிருந்த காய்ச்சலை. விடையிலோ காய்ச்சல் முன்பே வந்துபோய்விட்டது.

சரியான விடை: "தனக்குக் காய்ச்சல் அடிப்பதாகக் கவின் தன் தாயிடம் கூறினான்."

'அடித்ததாக' என்று எழுதியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "'கூறினான்' இறந்தகாலம், அதனால் உள்ளே இருப்பதையும் இறந்தகாலம் ஆக்க வேண்டும், இல்லையா அம்மா?" என்றாள் ஒரு மாணவி. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று உடனே புரிந்தது. அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்பில் அவள் படிப்பது அதைத்தான். 'ஐ ஹேவ் ஃபீவர்' என்பது 'ஹி செட் தட் ஹி ஹேட் ஃபீவர்' என்று மாறும். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். அங்கே அது முழுக்கச் சரி. அதை அப்படியே தமிழ்த்தாளுக்குக் கொண்டுவந்தால் பொருள் மாறிவிடுகிறது.

காரணம் இதுதான். ஆங்கிலத்தில், ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும்போது, நாம் நிற்கும் நேரத்திலிருந்து காலத்தைக் கணக்கிடுகிறோம். அதனால் வினை ஒரு படி பின்னால் போகிறது. தமிழில், சொன்னவர் சொன்ன நேரத்திலிருந்தே வினையின் காலம் கணக்காகிறது. சொல்லும்போது நடந்துகொண்டிருந்தால் 'அடிப்பதாக'. சொல்வதற்கு முன்பே முடிந்திருந்தால் 'அடித்ததாக'. கூறினான், கூறுகிறான், கூறுவான் என்று வெளியே இருக்கும் வினை எப்படி மாறினாலும் உள்ளே இருப்பது அசையாது.

இந்தக் கலப்பு இன்னொரு வடிவத்திலும் வரும். "நேற்றுப் படம் பார்த்தேன்" என்றதை மாற்றச் சொன்னால், "முந்தைய நாள் படம் பார்த்திருந்ததாக" என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தின் 'ஹேட்' இங்கே 'இருந்ததாக' ஆகிவிட்டது. 'பார்த்ததாக' என்பதே போதும்.

ஆங்கிலத்தாளில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. தமிழில் யோசித்து எழுதும் பிள்ளைகள் 'ஹி செட் தட் ஹி ஹேஸ் ஃபீவர்' என்று காலத்தை அசைக்காமல் விட்டுவிடுவார்கள். ஆகவே இரண்டு மொழி ஆசிரியர்களும் ஒருமுறையாவது ஒரே பாடவேளையில் உட்கார்ந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் நல்லது. எங்கள் பள்ளியில் அப்படிச் செய்த பிறகு இந்தக் குழப்பம் நன்றாகவே குறைந்தது.

காலத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 'ஆக' சேர்த்து எழுதும்போது நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரே உருவமாகிவிடும். "படிக்கிறேன்" என்றாலும் "படிப்பேன்" என்றாலும் 'படிப்பதாக' என்றுதான் வரும். மாணவர்கள் இதைப் பார்த்துத் தாங்கள் தப்பு செய்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, தமிழின் அமைப்பே அதுதான். 'மறுநாள்' போன்ற ஒரு சொல் பக்கத்தில் இருந்தால் எந்தக் காலம் என்பது தெரிந்துவிடும்.

இங்கேதான் அடுத்த சிக்கல். வினையின் காலம் அசையாது என்று சொல்லிவிட்டு, 'நாளை' மட்டும் 'மறுநாள்' ஆக வேண்டும் என்கிறோம். 'இன்று' அன்று ஆகிறது, 'நேற்று' முந்தைய நாள் ஆகிறது, 'இங்கே' அங்கே ஆகிறது. பிள்ளைகளுக்கு இது முரணாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நான் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்: 'நாளை', 'இங்கே', 'நான்', 'நீ' எல்லாம் விரல் நீட்டிக் காட்டும் சொற்கள். பேசுகிற ஆள் மாறினால் விரலும் மாற வேண்டும். கவின் திங்கட்கிழமை "நாளை" என்றால் அது செவ்வாய். நான் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அதை எழுதும்போதும் 'நாளை' என்றே எழுதினால் அது சனிக்கிழமையைக் காட்டும். வினையின் காலம் அப்படி விரல் நீட்டுவதில்லை. கவின் பேசிய நேரத்துக்கு முன்பா, அப்போதா, பின்பா என்று மட்டுமே அது சொல்கிறது.

இனி நான், நீ. "தன்மை, முன்னிலை எல்லாம் படர்க்கையாகும்" என்று மனப்பாடம் செய்துவிட்டு, 'நான்' என்றால் 'அவன்', 'நீ' என்றாலும் 'அவன்' என்று மாற்றிவிடுகிறார்கள். பிறகு வாக்கியத்தில் மூன்று 'அவன்' நிற்கும், யார் யார் என்று யாருக்கும் தெரியாது. "அவன் வருவதாகக் கண்ணன் கூறினான்" என்று எழுதினால், கண்ணன் வேறு யாரோ வருவதைச் சொல்கிறான் என்றே முதலில் தோன்றும். கண்ணன் தன்னைப் பற்றியே சொல்கிறான் என்றால், அதற்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறது: தான். "தான் வருவதாகக் கண்ணன் கூறினான்." ஐயத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் 'ஹி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடும் இடத்தில் நமக்கு இவ்வளவு வசதி இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

'தான்' என்பதற்கு மரியாதை வடிவமும் உண்டு. பேசியவர் ஆசிரியர், அமைச்சர், தாத்தா என்றால் 'தாம், தம், தமக்கு' என்று எழுத வேண்டும். "தலைமையாசிரியர் தன்னிடம் கூறுமாறு சொன்னார்" என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. வினை 'சொன்னார்' என்று மரியாதையோடு முடிகிறது, நடுவில் 'தன்னிடம்' மட்டும் இடறுகிறது. 'தம்மிடம்' என்பதே பொருந்தும். 'நாங்கள்' என்று பலர் சொன்னதானால் 'தாங்கள்' ஆகும்.

'நீ' மாறுவது, கேட்டவர் யார் என்பதைப் பொறுத்தது. கண்ணன் முருகனிடம் சொன்ன 'நீ' அவன் ஆகும். ஆனால் வினாவில், 'அப்பா என்னிடம், "நீ நாளை ஊருக்குப் போ" என்றார்' என்று இருந்தால்? கேட்டவன் நான். "அப்பா என்னை மறுநாள் ஊருக்குப் போகுமாறு கூறினார்" என்று வர வேண்டும். இங்கேயும் இயந்திரம்போல 'அவனை' என்று போட்டவர்களின் விடைகளைப் பார்த்திருக்கிறேன். மாற்றத் தொடங்கும் முன், சொன்னவர் யார், கேட்டவர் யார், எழுதுகிறவர் யார் என்று மூன்றையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பெயர்ச்சொல்லை மாற்றிவிட்டு வினையை மறப்பது இன்னொரு வகை. "நீ எங்கே போகிறாய்?" என்பது "அவன் எங்கே போகிறாய் என்று கேட்டார்" ஆகிவிடும். தமிழ் வினையின் வாலிலேயே ஆள் ஒளிந்திருக்கிறார். 'போகிறாய்' என்பதில் 'ஆய்' முன்னிலை, 'போகிறேன்' என்பதில் 'ஏன்' தன்மை. 'நான்' என்ற சொல்லே இல்லாமல் "வருவேன்" என்று மட்டும் வந்தாலும் அங்கே 'நான்' இருக்கிறது. அது தெரியாதவர்கள், மாற்ற எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு முழு விடையைப் பார்ப்போம். வினா இது: ஆசிரியர் கயல்விழியிடம், "உன் கட்டுரையை இன்று படித்துக்கொண்டிருக்கிறேன். நாளை உன்னிடம் தருவேன்" என்றார்.

ஒரு மாணவர் எழுதியது: "ஆசிரியர் கயல்விழியிடம் அவர் அவளுடைய கட்டுரையை அன்று படித்துக்கொண்டிருந்ததாகவும் நாளை அவளிடம் தருவேன் என்றும் கூறினார்."

'அவளுடைய', 'அன்று' இரண்டும் சரி. 'அவர்' என்பது 'தாம்' ஆகியிருக்க வேண்டும். 'படித்துக்கொண்டிருந்ததாக' என்பதில் ஆங்கிலக் காலம் நுழைந்துவிட்டது, படிப்பு முன்பே நின்றுபோனதுபோல் இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு வரும்போது களைத்துவிட்டார், 'நாளை'யும் 'தருவேன்' என்பதும் அப்படியே தங்கிவிட்டன. முதல் பாதி 'ஆக' என்றும் இரண்டாம் பாதி 'என்று' என்றும் போவது தவறில்லை, ஆனால் ஒரே வகையாக எழுதினால் இப்படி நழுவுவது குறையும். திருத்திய வடிவம்: "ஆசிரியர் கயல்விழியிடம், தாம் அவளுடைய கட்டுரையை அன்று படித்துக்கொண்டிருப்பதாகவும் மறுநாள் அவளிடம் தருவதாகவும் கூறினார்."

சிலர் இரண்டையும் ஒன்றாகவே போட்டு 'தருவதாக என்று கூறினார்' என்று எழுதுவார்கள். ஒன்று போதும். 'தருவதாகக் கூறினார்' என்பதில் ஒற்று மிகும், 'என்று கூறினார்' என்பதில் மிகாது. சின்ன விஷயம்தான், ஆனால் மதிப்பெண் போகிறது.

கடைசியாக, எனக்கே பல நாள் யோசனையாக இருந்த ஒன்று. "நான் வரமாட்டேன்" என்று கண்ணன் சொன்னதை எப்படி மாற்றுவது? 'வரமாட்டதாக' என்ற சொல் தமிழில் இல்லை. 'வராததாக' என்றால் பொருளே வேறு. 'தான் வரப்போவதில்லை என்று' எழுதலாம், ஆனால் 'வரமாட்டேன்' என்பதில் இருக்கும் மறுப்பு அதில் கொஞ்சம் தணிந்துவிடுகிறது. "தான் வரமாட்டான் என்று கண்ணன் கூறினான்" என்பது விதிப்படி சரியாகத் தோன்றலாம், ஆனால் யாராவது அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோமா? வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் சொல்வது "தான் வரமாட்டேன்னு சொன்னான்" என்றுதான். 'தான்' படர்க்கை, 'மாட்டேன்' தன்மை, இரண்டும் ஒரே வாக்கியத்தில் இசைந்து நிற்கின்றன. 'தான்' என்ற சொல் அந்த நேரத்தில் சொன்னவனின் 'நான்' ஆகவே நிற்பதால் தமிழ்க் காது அதை ஏற்றுக்கொள்கிறது. "தான் வரமாட்டேன் என்று கண்ணன் கூறினான்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அதைத் தவறென்று நான் அடிப்பதில்லை. 'வருவேன்' போன்ற வினைகளில் மட்டும், 'வருவதாக' என்ற தெளிவான வடிவம் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருப்பதால், தேர்வில் அதையே எழுதச் சொல்கிறேன்.