படத்தில் இருக்கும் அட்டவணையை எழுத்தால் கட்டுவது எப்படி?

மென்பொருள் ஆவணங்கள் எழுதும் வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. பழைய கையேடு ஒன்றில் அட்டவணைகள் எல்லாம் படங்களாகவே ஒட்டப்பட்டிருந்தனவாம். ஆவணங்களைச் சாதாரண எழுத்துக் குறிகளாலேயே எழுதும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் வடிவத்திற்கு அவற்றை மாற்றும்போது சில சரியாக வந்தன. சில பிழை எதுவும் காட்டாமலேயே தவறாக வந்தன. ஒரே இலக்கணத்தைப் பின்பற்றியும் ஏன் இந்த வேறுபாடு என்பதே அவருடைய கேள்வி.

படத்திலிருந்து சொற்களைப் படித்தெடுக்கும் வேலையை டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள் செய்துவிடும். `tesseract table.png out tsv` என்று ஆணையிட்டால், சொற்களோடு ஒவ்வொன்றும் படத்தில் இருக்கும் இடமும் அளவும் கிடைக்கும். அந்த இடக்குறிப்புகளைக் கொண்டு எந்தச் சொல் எந்த நிரலில் விழுகிறது என்று தீர்மானிக்கலாம். பெரிய `I`, சிறிய `l`, எண் `1` ஆகியவை ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் ஒருமுறை கண்ணால் ஒப்பிட வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. சொற்கள் கைக்கு வந்தபின், கோடுகளைக் கட்டும் இடத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

சி மொழியில் `long` வகையும் சுட்டியும் எத்தனை பிட் என்று காட்டும் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 64 பிட் லினக்ஸ் பின்பற்றும் `LP64` முறையில் இரண்டும் 64 பிட். 64 பிட் விண்டோஸ் பின்பற்றும் `LLP64` முறையில் `long` மட்டும் 32 பிட்டாகவே நின்றுவிடுகிறது. படத்தில் `64-bit` என்ற அறை இரண்டு நிரைகளுக்குப் பொதுவாகவும், `Bits` என்ற தலைப்பு இரண்டு நிரல்களுக்குப் பொதுவாகவும் இருக்கின்றன. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் அட்டவணையைக் கோடிட்டு எழுத இரண்டு முறைகள் உண்டு: `=` கோடுகளால் நிரல்களை மட்டும் குறிக்கும் எளிய அட்டவணை, ஒவ்வோர் அறையையும் சுற்றிக் கோடிடும் கட்ட அட்டவணை. எளிய அட்டவணையில் நிரல்களை இணைக்க முடியும். நிரைகளை இணைக்க முடியாது. ஆகவே படத்தில் உள்ள வடிவம் அப்படியே வேண்டுமானால் கட்ட அட்டவணைதான் வழி.

```
+---------+-------+----------------+
| Machine | Model | Bits           |
|         |       +------+---------+
|         |       | long | pointer |
+=========+=======+======+=========+
| 32-bit  | ILP32 | 32   | 32      |
+---------+-------+------+---------+
| 64-bit  | LP64  | 64   | 64      |
|         +-------+------+---------+
|         | LLP64 | 32   | 64      |
+---------+-------+------+---------+
```

ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டைப் படித்துப் பக்கமாக மாற்றும் மென்பொருள் டாக்யூட்டில்ஸ். இதை அது படிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வரிவரியாக மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகாமல், இந்த எழுத்துக் கூட்டத்தை ஒரு வரைபடமாகவே பாவித்து, நில அளவையாளர் வரப்போரமாக நடந்து வயலை அளப்பதுபோல அது ஒவ்வோர் அறையையும் சுற்றி வருகிறது. முதலில் தலைப்பைப் பிரிக்கும் `=` கோடு எந்த வரியில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதைச் சாதாரணக் கோடாக மாற்றிவிடுகிறது. பிறகு இடது மேல் மூலையில் நின்று வலப்பக்கம் நடக்கிறது. `+` ஒன்றைக் கண்டதும் அங்கிருந்து கீழே இறங்குகிறது. கீழே மற்றொரு `+` கிடைத்தால் இடப்பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து மேலேறி, கிளம்பிய மூலையை வந்தடைந்தால் ஓர் அறை முடிந்தது. அந்த அறையின் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் அடுத்த அறைகள் தொடங்கக்கூடிய இடங்களாகக் காத்திருப்போர் பட்டியலில் சேர்கின்றன.

`64-bit` அறையில் இந்த நடையைக் கவனியுங்கள். வலப்பக்கம் சென்று முதல் `+` இலிருந்து இறங்கும்போது, `LP64` வரிக்குக் கீழே ஒரு `+` குறுக்கிடுகிறது. அறை இங்கே முடிகிறதோ என்று டாக்யூட்டில்ஸ் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அங்கே கோடு இல்லை, வெற்றிடம்தான் இருக்கிறது. உடனே அந்த முயற்சியைக் கைவிட்டு மேலும் இறங்கி, அடிக்கோட்டில் உள்ள `+` ஐ அடைந்து சுற்றை முடிக்கிறது. இரண்டு நிரைகள் இணைந்திருக்கின்றன என்று யாரும் அதற்குத் தனியாகச் சொல்லவில்லை. கோடு இல்லாத இடமே இணைப்பைத் தெரிவிக்கிறது.

வாசகர் கண்ட விந்தைக்கும் காரணம் இதுவே. வலது விளிம்பு ஓர் எழுத்து பிசகினால் வரிகளின் நீளம் மாறிவிடுவதால் `Malformed table` என்ற செய்தி வந்துவிடும். ஆனால் மேற்படி குறுக்குக் கோட்டில் முதல் `+` மட்டும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளிப்போய், மொத்த நீளம் மாறாமல் இருந்தால் என்ன ஆகும்? கீழிறங்கும் பாதையில் அந்த வரியில் வெற்றிடம் இருப்பதால் வழி அடைபடுகிறது. டாக்யூட்டில்ஸ் மேல்கோட்டிலேயே மேலும் வலப்பக்கம் நடந்து, `LP64` நிரலின் மறுமுனையிலுள்ள `+` இல் இறங்கி, அடிவரை சென்று, சுற்றை முறையாகவே முடித்துவிடுகிறது. இரண்டு நிரல்கள் சேர்ந்து ஒரே அறை ஆகிவிட்டன, அட்டவணை இலக்கணப்படி குற்றமற்றது, அச்செய்தியும் வராது. முடிவுப் பக்கத்தில் `64-bit | LP64` என்று கோடும் எழுத்தோடு எழுத்தாக நிற்கும். பக்கத்தில் ஒரு `|` தென்பட்டால் எங்கோ ஒரு மூலை பிசகியிருக்கிறது என்று ஐயுறலாம். பிழை மறையும்வரை அங்கும் இங்கும் வெற்றிடம் சேர்த்துப் பார்ப்பது மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதற்கு ஒப்பானது; அந்த வரியில் `+` எத்தனையாவது எழுத்தாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

நிரைகளின் இணைப்பை விட்டுவிடச் சம்மதித்தால் எளிய அட்டவணை போதும்; `Bits` தலைப்பையும் இங்கே விட்டுவிடுகிறேன். அதில் வேறொரு பொறி இருக்கிறது.

```
=======  =====  ====  =======
Machine  Model  long  pointer
=======  =====  ====  =======
32-bit   ILP32  32    32
64-bit   LP64   64    64
\        LLP64  32    64
=======  =====  ====  =======
```

கடைசி நிரையில் இருக்கும் பின்சாய்வுக்கோடு அலங்காரத்திற்காக இடப்பட்டதன்று. எளிய அட்டவணையில் முதல் நிரல் காலியாக இருந்தால், அந்த வரி மேல்நிரையின் தொடர்ச்சி என்றே கொள்ளப்படும். அதை எழுதாமல் விட்டால் `LP64 LLP64` ஒரே அறையிலும், `64 32` அடுத்த அறையிலும் சேர்ந்துகொள்ளும், எச்சரிக்கையும் இராது. எழுத்துணரி தரும் வெளியீட்டில், இணைந்த அறையின் இரண்டாம் வரி பெரும்பாலும் காலியாகத்தான் வரும் என்பதால், படத்திலிருந்து மாற்றுவோர் இதில் அடிக்கடி விழுகிறார்கள். `64-bit` என்பதை மீண்டும் எழுதிவிடுவதையே நான் விரும்புவேன். படிப்பவருக்கும் அதுவே தெளிவு. சொல் நீண்டு நிரல்களுக்கு இடையேயுள்ள வெளிக்குள் நுழைந்தால் மட்டும் `Text in column margin` என்று டாக்யூட்டில்ஸ் முறையிடும்.

ஆவணம் தமிழிலேயே இருந்தால் கட்ட அட்டவணை இன்னொரு வகையில் சோதிக்கும். `சுட்டி` என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ச, உகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி என ஆறு குறிகள். சீன, ஜப்பானிய எழுத்துகளின் இரட்டை அகலத்திற்கு டாக்யூட்டில்ஸ் இடம் ஒதுக்குகிறது. தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும், கட்ட அட்டவணையின் கோடுகளைத் தேடும்போது, தனித்தனி எழுத்தாகவே எண்ணுகிறது. எனவே திரையில் கோடுகள் நேராகத் தெரிந்தால் டாக்யூட்டில்ஸுக்கு அவை கோணல்; அதற்கு நேராக அமைத்தால் திரையில் கோணல். அறைகளைப் பட்டியலாக எழுதும், கோடுகளே தேவைப்படாத `list-table` ஒரு வழி; ஆனால் அதில் நிரைகளை இணைக்க முடியாது.

மாற்றி முடித்தபின், டாக்யூட்டில்ஸைப் பயன்படுத்தும் ஸ்ஃபிங்ஸ் கருவியின் `sphinx-build` ஆணையோடு `-W` சேர்த்துக் கட்டினால், எச்சரிக்கை ஒவ்வொன்றும் பிழையாகி வேலை தோல்வியில் முடியும். மேலே கண்ட இரண்டு பிழைகளுள் எளிய அட்டவணையில் நேர்வது அதற்கும் தப்பிவிடும். அதைப் பிடிக்க, படத்தில் எத்தனை நிரைகள் என்று எண்ணி, உருவான பக்கத்திலும் அத்தனை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் அட்டவணையில் தலைப்பு நீங்கலாக மூன்று இருக்க வேண்டும். இரண்டே இருந்தால் அந்தப் பின்சாய்வுக்கோடு விடுபட்டிருக்கிறது.