ஆயிரம் டாலர் பில்லுக்கு வங்கியில் வந்தது எவ்வளவு, எந்தக் கணக்கில்?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வங்கிக் கிளைகளுக்கு வெளிநாட்டுப் பணம் புதிதல்ல. துபாய், குவைத், சவுதி என்று வீட்டுக்கு ஒருவராவது போயிருக்கும் ஊர்கள் இவை. மாதாமாதம் வரும் அந்தப் பணத்துக்கு வங்கி போடும் குறியீடு P1301. வெளிநாட்டில் இருப்பவர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்புவது என்று அதற்குப் பொருள். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து சம்பாதிப்பவருக்குச் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அவருடைய பணமும் பழக்கதோஷத்தில் P1301-க்குள் போய்விடும்.

என்னிடம் கணக்குப் பார்க்கும் இளைஞர் ஒருவர் அயர்லாந்து நிறுவனம் ஒன்றுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருகிறார். வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோது அவர் வருமானத்தை வங்கி அதிகாரி ஏற்கவில்லை. “தம்பி, இது அண்ணனோ மச்சானோ அனுப்புற பணம் மாதிரில்ல காட்டுது?” என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அண்ணனும் இல்லை, மச்சானும் இல்லை. வந்த பணம் ஒவ்வொன்றுக்கும் வங்கி தரும் உள்வரவு அட்வைஸை, அதாவது ஃபிராவை, வாங்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் P1301.

பாஸ்புக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதில் தொகையும் ஒரு நீளமான எண்ணும்தான் இருக்கும். ஃபிராவில்தான் அனுப்பியவர் பெயர், அந்நியச் செலாவணித் தொகை, மாற்று விகிதம், நோக்கக் குறியீடு எல்லாம் இருக்கும். மென்பொருள் ஆலோசனை, அமைத்துத் தருதல் என்றால் P0802. தரவு பதிவு, தரவு செயலாக்கம் என்றால் P0803. விளம்பரம், சந்தை ஆய்வு என்றால் P1007. நிர்வாக ஆலோசனை என்றால் P1006. செய்யும் வேலைக்கு எது பொருந்துகிறதோ அதைக் கிளையில் முதல் பணம் வரும் முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

தவறாகப் போட்டுவிட்டால் திருத்தலாம். பில், வாடிக்கையாளருடன் செய்த ஒப்பந்தம் அல்லது வேலை உறுதி செய்த மின்னஞ்சல், அந்த வரவின் குறிப்பு எண் மூன்றையும் இணைத்துக் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போகும் முன் கொடுத்தால் சுலபம். பழையதைக் கிளறும்போதுதான் அலைச்சல். சிறிய கிளைகளில் அந்நியச் செலாவணி வேலை நடப்பதே இல்லை, வேறு ஊரில் உள்ள அதற்கான கிளைக்குத்தான் போகும். அதனால் கவுண்டரில் இருப்பவரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை.

இந்தக் குறியீட்டுக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்றால், ஜி.எஸ்.டி.யில் சேவை ஏற்றுமதி என்று சொல்லி வரி கட்டாமல் இருக்க, பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கு ஆதாரம் வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயாகவும் வரலாம். குடும்பச் செலவுக்கு வந்ததாகக் குறித்த காகிதத்தை அந்த ஆதாரமாக நீட்டினால் கேள்விதான் வரும். இதே காரணத்தால்தான், “வாடிக்கையாளர் துபாயில் மாமாவிடம் திர்ஹாமாகக் கொடுக்கட்டும், மாமா இங்கே ரூபாயாக அனுப்பிவிடுவார்” என்ற ஏற்பாடும் வேண்டாம் என்கிறேன். மாமா நேர்மையானவர்தான், ஆனால் பில்லில் இருக்கும் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் பொருந்தாது. தெருமுனையில் அடையாள அட்டையைக் காட்டிப் பணம் வாங்கும் மணி டிரான்ஸ்ஃபர் சேவையும் தனிப்பட்ட பணத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது, வியாபாரப் பணத்துக்கு அல்ல.

அடுத்து தொகை. அதே இளைஞரின் இன்னொரு புகார்: “சார், ஆயிரம் டாலர் பில் போட்டேன், எண்பத்தோராயிரத்துச் சொச்சம்தான் வந்திருக்கு.” அன்றைய சந்தை விகிதம் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கணக்குப் பார்க்க வசதி. 85,000 வர வேண்டும். பணம் நேராக வரவில்லை. நடுவில் ஒரு வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டது. மீதி 980 டாலரை நம்ம வங்கி 83.70-க்கு மாற்றியது. அது 82,026 ரூபாய். நாணயம் மாற்றுவதற்கு ஜி.எஸ்.டி. உண்டு: ஒரு லட்சம் வரையிலான தொகைக்கு அதன் 1 சதவீதத்தை மதிப்பாக எடுத்து, அந்த மதிப்பின் மேல் 18 சதவீதம். இங்கே அது சுமார் 148 ரூபாய். வரவுக் கட்டணம் வரியோடு 236 ரூபாய். கையில் வந்தது சுமார் 81,642.

குறைந்த 3,358 ரூபாயில் நடு வங்கி எடுத்தது 1,700. விகித வித்தியாசத்தில் போனது 1,274. கட்டணம் என்று பெயர் போட்டுக் காட்டியது மிகக் குறைவு, பெரிய இரண்டும் வங்கிக் கட்டணப் பட்டியலில் இருக்கவே இருக்காது. விகிதத்தைக் கிளையில் பேசிக் கொஞ்சம் கூட்டலாம், தொகை பெரிதானால் கேட்பார்கள். நடு வங்கிப் பிடித்தத்துக்கு வழி பில்லிலேயே இருக்கிறது. பணம் அனுப்பும் படிவத்தில் OUR என்று தேர்ந்தெடுக்கும்படி அதில் எழுதிவிடுங்கள், கட்டணம் அனுப்புபவர் தலையில் விழும். SHA என்றால் பாதி வழியில் பிடித்தது உங்கள் பணத்திலிருந்து போகும். எந்த வங்கி எவ்வளவு பிடித்தது என்று தெரிய, பணம் அனுப்பியதற்கு அவர் வங்கி போட்ட SWIFT செய்தியின் நகலை வாடிக்கையாளரிடம் கேளுங்கள்.

பில்லில் எண், தேதி, வாடிக்கையாளரின் முழுப் பெயர், முகவரி, நாடு, செய்த வேலை, நாணயம், தொகை, உங்கள் வங்கிக் கணக்கு, வங்கியின் SWIFT குறியீடு இருக்க வேண்டும். பெயரில்தான் நம்ம ஊர்க்காரர்கள் மாட்டுவது. வங்கியில் இனிஷியலோடு, பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து, வேலை எடுக்கும் இணையதளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று வேறு ஒன்று. வங்கிக் கணக்கில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பணம் நடுவில் நிற்கும், சில சமயம் திரும்பியே போய்விடும்.

தளங்கள் வழியாக வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஃபைவரில் சம்பாத்தியத்தில் 20 சதவீதம் தளத்துக்கு. அப்வொர்க்கில் 2025 மே முதல் ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 வரை. ஆயிரம் டாலர் வேலைக்கு ஃபைவரில் 800 டாலர்தான் உங்களுடையது, அதன் பிறகுதான் மேலே சொன்ன நாணய மாற்று இழப்பு. ஆனால் கணக்கில் வருமானம் ஆயிரம் என்றும், தளக் கட்டணம் 200 செலவு என்றும் எழுத வேண்டும். வங்கிக்கு வந்ததை மட்டும் கூட்டி, “சார், வரவு பதினெட்டு லட்சம்தான், பதிவு தேவையில்லை” என்று சொல்பவர்கள் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச வரம்பு பில் தொகைக்கு. 20 சதவீதம் பிடித்த பிறகு பதினெட்டு வந்தால், பில் தொகை இருபத்திரண்டரை லட்சம் ஆகிவிட்டது. அப்போது பதிவு செய்து, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிப் பத்திரத்தையும், அதாவது எல்.யு.டி.யையும், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக ஜி.எஸ்.டி. இணையதளத்தில் RFD-11 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரலில் முதல் பில்லைப் போடும் முன்பே செய்துவிடுங்கள்.