ஸ்கிரீன்ஷாட்டில் முதலில் எந்த ஊர் பெயர் என்று பாருங்கள்

நேற்று ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம். கீழே ஒரே ஒரு வரி: "அண்ணே, பெண்டிங்னு வருது, ரிஜெக்ட் ஆயிடுச்சா?" இந்த மாதத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மயிலாடுதுறை பக்கம் பதினோரு வருடமாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, பயிர்க் காப்பீடு எல்லாம் போட்டுத் தருகிறேன். ஆனால் மக்களைத் தூங்கவிடாமல் செய்வது பாஸ்போர்ட் ஸ்டேட்டஸ் ஒன்றுதான். முதல்முறை எடுப்பவர்களுக்கு ஆளுக்கு ஆள் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "பெண்டிங்" என்றால் உங்கள் விண்ணப்பத்தில் கோளாறு என்று அர்த்தம் இல்லை. யாரோ மேசையில் வைத்துக்கொண்டு காசுக்குக் காத்திருக்கிறார் என்றும் அர்த்தம் இல்லை. அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஃபைல் இப்போது இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து அறிக்கை இன்னும் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு வரிசையில் நிற்கிறோமே, அந்த நெல்லும் பெண்டிங்தான், அதற்காக நெல் கெட்டுப்போய்விட்டது என்றா சொல்கிறோம்? முதல்முறை விண்ணப்பிக்கும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு, சாதாரண முறையில் போட்டால், போலீஸ் விசாரணை முடிந்த பிறகுதான் புத்தகம் அச்சாகும். ஆகவே அந்தச் சொல் உங்கள் திரையில் வந்தே தீரும். வரவில்லை என்றால்தான் நான் யோசிப்பேன்.

இதைவிடப் பெரிய குழப்பம் "Granted" என்ற சொல். தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டரையும் தாண்டி வெளியே வரும்போது ஒரு ரசீது தருவார்கள், அதில் இந்தச் சொல் இருக்கும். வீட்டுக்கு வந்து கேசரி கிண்டிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ஸ்டேட்டஸில் போலீஸ் என்று பார்த்ததும் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி பதறுகிறார்கள். உங்கள் காகிதங்கள் சரி, அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று அந்த அதிகாரி ஒப்புக்கொண்டார், அதுதான் அந்தச் சொல். அதற்குப் பிறகு ஃபைல் திருச்சி மண்டல அலுவலகத்தின் வழியாக மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகிறது, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வருகிறது.

சரி, ஸ்கிரீன்ஷாட்டை எப்படிப் பார்க்க வேண்டும்? பெண்டிங் என்ற சொல்லில் கண்ணை வைக்காதீர்கள். அந்த வரியில் எந்த எஸ்.பி. அலுவலகத்தின் பெயர் இருக்கிறது, என்ன தேதி இருக்கிறது, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு தம்பி பதினெட்டு நாள் வீணாக்கிய கதையைச் சொல்கிறேன்.

குத்தாலம் பக்கத்துப் பையன். சிங்கப்பூரில் வேலை பேசியிருந்தார்கள். எங்கோ ஒரு நெட் சென்டரில் விண்ணப்பம் போட்டு, 1500 ரூபாய் கட்டி, தஞ்சாவூர் போய் வந்துவிட்டான். மூன்றாம் நாள் பெண்டிங் வந்தது. பத்து நாள் கழித்தும் அதே. பதினைந்து நாள் கழித்தும் அதே. இதற்கிடையில் டிராவல்ஸ்காரர் ஒருவர் "நாலாயிரம் கொடு, போலீஸ்ல பேசி கிளியர் பண்ணிடுறேன்" என்றிருக்கிறார். அம்மா தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். யாரோ சொல்லி, பதினெட்டாம் நாள் என் கடைக்கு வந்து அந்தப் படத்தைக் காட்டினான்.

படத்தில் நாகப்பட்டினம் எஸ்.பி. என்று இருந்தது. "தம்பி, உன் ஊர் எந்த மாவட்டம்?" என்று கேட்டேன். "மயிலாடுதுறை, ஏண்ணே?" என்றான். அவ்வளவுதான் விஷயம்.

மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். ஆனால் நம் பக்கத்தில் பாதிப் பேருடைய ஆதார் அட்டையில் இன்னும் நாகப்பட்டினம் என்றுதான் இருக்கிறது, யாரும் மாற்றவில்லை. விண்ணப்பத்தில் முகவரி எழுதும் இடத்தில் மாவட்டம், காவல் நிலையம் இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டுக் கொடுத்தவர் ஆதாரைப் பார்த்து அப்படியே நாகப்பட்டினம் என்று அமுக்கிவிட்டு, அதன் கீழே வந்த ஸ்டேஷன்களில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஃபைல் அங்கே போய்விட்டது. அந்த ஸ்டேஷன் எல்லையில் இப்படி ஒரு ஊரே இல்லை, அவர்கள் யாரைப் போய் விசாரிப்பார்கள்? இதற்கு நாலாயிரம் இல்லை, நாற்பதாயிரம் கொடுத்தாலும் கிளியர் வராது. (காரைக்கால் எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும், அந்தப் பக்கம் புதுச்சேரி, மாநிலமே மாறிவிடும்.)

அவனைச் செய்யச் சொன்னது இதுதான். ரசீதோடு நாகப்பட்டினம் எஸ்.பி. அலுவலகத்தில் பாஸ்போர்ட் பிரிவுக்குப் போய், என் ஊர் உங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவர்கள் அதைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் விண்ணப்பம் போட்ட அதே பாஸ்போர்ட் இணையதளத்தில் திருச்சி மண்டல அலுவலகத்துக்கு என்கொயரி அப்பாயிண்ட்மெண்ட் போட்டு, சரியான மாவட்டத்தோடு ஒரு மனுவும் முகவரி ஆவணங்களும் எடுத்துக்கொண்டு போனான். திரும்ப போலீஸ் விசாரணைக்கு அனுப்பினார்கள். ஸ்டேட்டஸில் மறுபடி பெண்டிங். இவன் மறுபடி பதறினான். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன், இந்தத் தடவை ஊர் மயிலாடுதுறை, தேதியும் புதியது. சொல் அதேதான், ஆனால் ஃபைல் இருக்கிற இடம் மாறிவிட்டது.

ஊரும் தேதியும் சரியாக இருந்து, இரண்டு மூன்று வாரமாகியும் போன் வரவில்லையா? அப்போது உங்கள் ஸ்டேஷனுக்கே நேரில் போய் ஃபைல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அது ஒன்றும் தப்பில்லை. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் அந்த நாட்களில் எடுங்கள் அய்யா, லோன் கம்பெனி என்று நினைத்துக் கட் செய்தால் அது பெரும்பாலும் ஸ்டேஷனாகத்தான் இருக்கும். விசாரணைக்கு விண்ணப்பதாரரிடமிருந்து கட்டணம் எதுவும் கிடையாது.

இன்னொன்று. திருப்பூரில் தங்கி வேலை பார்த்துக்கொண்டு, தற்போதைய முகவரி என்று ஊர் வீட்டை எழுதிவிடுகிறார்கள். போலீஸ் வந்து பக்கத்து வீட்டில் கேட்டால் "அவன் இங்க இல்லைங்க, திருப்பூர்ல இருக்கான், தீபாவளிக்குத்தான் வருவான்" என்று வெள்ளந்தியாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, எழுதினவர்தான் சொன்னார். அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விட்டால் ஸ்டேட்டஸில் "Clear" வர வேண்டிய இடத்தில் "Adverse" வரும், அப்போதுதான் நீங்கள் உண்மையில் பதற வேண்டும். அதற்கும் வழி உண்டு, மண்டல அலுவலகம் விளக்கம் கேட்கும், ஆவணத்தோடு போய்ப் பதில் சொல்ல வேண்டும், மறுவிசாரணைக்குப் போகும். ஆனால் நாள் ஓடிவிடும், வேலை கொடுத்தவன் காத்திருக்க மாட்டான்.

அந்தத் தம்பி விஷயத்தில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் என்று எல்லாம் சுருக்கமாக முடிந்தது. கிளியர் வந்தது, அச்சுக்குப் போனது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "dispatched" என்று வந்தது. உடனே போன்: "அண்ணே பாஸ்போர்ட் வந்திருச்சு!" வரவில்லை தம்பி. அந்தச் சொல்லுக்கு அனுப்பியாயிற்று என்று அர்த்தம், கையில் சேர்ந்தது என்று அர்த்தம் இல்லை. அதே வரியில் ஸ்பீடு போஸ்ட் எண் இருக்கும், இரண்டு எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்கம், கடைசியில் IN. இனிமேல் பாஸ்போர்ட் தளத்தில் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, தபால் துறைத் தளத்தில் இந்த எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைத் தபால்காரர் உரியவரிடம்தான் கொடுப்பார், அடையாள அட்டையும் கேட்பார். உங்கள் தாத்தா காலத்திலிருந்து தெரிந்த தபால்காரராக இருந்தாலும் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போக மாட்டார், போகவும் கூடாது. குறுவை நடவு நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வயலுக்குப் போய்விட்டால் தபால் நிலையத்தில் சில நாள் வைத்திருந்துவிட்டுத் திருச்சிக்கே திருப்பிவிடுவார்கள். அதைத் திரும்பப் பெறுவது இன்னொரு அலைச்சல். ஆகவே அந்த எண் வந்த மறுநாளே உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் "முகவரி முழுமையாக இல்லை, தபாலை விடுவிக்க 25 ரூபாய் கட்டுங்கள்" என்று லிங்க்கோடு ஒரு குறுஞ்செய்தி வரும். தொடாதீர்கள். இருபத்தைந்து ரூபாய்தானே என்று கார்டு விவரத்தைக் கொடுத்தால் கணக்கில் இருப்பதெல்லாம் போய்விடும். சந்தேகம் இருந்தால் பாஸ்போர்ட் சேவாவின் கட்டணமில்லா எண் 1800-258-1800, இல்லையென்றால் நேராகத் தபால் நிலையம்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதியை வெட்டி, "pending" என்ற ஒரு சொல்லை மட்டும் வட்டம் போட்டு அனுப்பாதீர்கள், எனக்கு வேண்டியதெல்லாம் நீங்கள் வெட்டிப்போட்ட பாதியில்தான் இருக்கிறது. முழு வரியும் தெரிய வேண்டும், அது இன்று எடுத்த படமாக இருக்க வேண்டும். போன வாரத்துப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் ஒரு மணி நேரம் அழுதார், அன்று காலையிலேயே அவருக்குக் கிளியர் ஆகியிருந்தது. அப்புறம், குரூப்பில் போடாதீர்கள். ஃபைல் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்க்கலாம், பிறந்த தேதிதான் வருடா வருடம் கேக் படத்தோடு அதே குரூப்பில் வருகிறதே. நாலாயிரம் கேட்கிறவருக்கு உங்கள் பெயரும் நிலையும் அப்படித்தான் தெரிகிறது.

அந்தத் தம்பிக்குப் புதன்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்தது. மத்தியானமே முதல் பக்கத்தை, எண், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுத்து இருநூறு பேர் இருக்கிற ஊர் குரூப்பில் போட்டிருந்தான். சாப்பாட்டை வைத்துவிட்டு அவனுக்குப் போன் அடித்தேன்.